தாய்மாமனைத்தான் கட்டினேன், மகனுக்குக் காது கேட்கவில்லை: அடுத்த குழந்தைக்கும் தம்பி கல்யாணத்துக்கும் என்ன செய்வது?

தேனிக்காரி | மார்ச் 4, இரவு 10:40

வணக்கம். ரொம்ப நாளாக மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு நானே எழுத வேண்டியதாகிவிட்டது.

என் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். குக்கர் விசிலுக்குக் கூடத் திரும்ப மாட்டான். ஒன்றேகால் வயதிலேயே ஒரு மருத்துவரிடம் காட்டினோம். "ஆம்பளைப் பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாங்களும் நம்பி ஒரு வருடத்தை விட்டுவிட்டோம். போன மாதம் பெரா டெஸ்ட் எடுத்தபோது இரண்டு காதிலும் 90 டெசிபலுக்குக்கூட எந்த அசைவும் இல்லை. காக்ளியர் இம்ப்ளான்ட் செய்ய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பதிந்திருக்கிறோம். அது ஒரு பக்கம் நடக்கிறது.

என் கணவர் என் அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் இரண்டு பக்கத்திலும் காது கேட்காதவர் ஒருவரும் இல்லை. பாட்டி (அவர்தான் எனக்கு மாமியாரும்) நான் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதுதான் காரணம் என்கிறார்.

எனக்கு இரண்டு கேள்விகள். அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா? இன்னொன்று, என் தம்பிக்குப் பெரிய மாமாவின் மகளைப் பேசி வைத்திருக்கிறார்கள். ஆவணியில் கல்யாணம் என்கிறார்கள். நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

---

ஓய்வு_வாத்தியார் | மார்ச் 4, இரவு 11:15

அம்மா, மனதைத் தளரவிடாதே. என் தாத்தா, அப்பா, நான் என மூன்று தலைமுறையாகச் சொந்தத்தில்தான் கட்டியிருக்கிறோம். பதினோரு பிள்ளைகள். ஒருவருக்கும் ஒரு குறையும் கிடையாது. சொத்தும் சொந்தமும் சிதறக் கூடாது என்று பெரியவர்கள் செய்த ஏற்பாடு அது. ஒரு பிள்ளைக்கு வந்ததை வைத்துப் பேசி முடித்த சம்பந்தத்தைக் கலைத்துவிடாதே. பெரிய மாமா ஆயுசுக்கும் பேச மாட்டார்.

---

நர்ஸ்_மேரி | மார்ச் 5, காலை 6:50

தங்கச்சி, உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் ஒரே ரத்த வகையா? ஒரே வகை என்றால் பிள்ளைக்குக் காது, பேச்சு பாதிக்கும். நான் பிரசவ வார்டில் 14 வருடம் இருந்தவள், பார்த்திருக்கிறேன். மற்றபடி இது நாலில் ஒன்று கணக்கு. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கும் வராது, தைரியமாக இரு.

---

வேர்க்கணக்கு | மார்ச் 5, காலை 9:20

மரபணு ஆலோசனைப் பிரிவில்தான் எனக்கு வேலை. தினமும் வருகிற பாதிக் குடும்பங்கள் இதே கேள்வியோடுதான் வந்து உட்காருகின்றன.

முதலில் மேரி அக்காவுக்கு. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ரத்த வகை இருந்தால் ஒன்றும் ஆகாது. நீங்கள் வார்டில் பார்த்தது அம்மா நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்ற ஆர்ஹெச் சிக்கலாக இருக்கும். அதில் பிறந்தவுடன் கடும் மஞ்சள் காமாலை வந்து, பிலிருபின் மூளைக்கு ஏறினால் காது போகும். அது உண்மை, ஆனால் அது வேறு கதை. நாலில் ஒன்று என்றீர்களே, அதுவும் சரிதான். ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனித்தனியாக நாலில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்ததை இரண்டாவது கர்ப்பம் நினைவில் வைத்திருக்காது. அடுத்தடுத்து மூன்று பிள்ளைகளுக்கும் வந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன், ஒருவருக்கு மட்டும் வந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

தேனிக்காரி, "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே" என்பதற்கு வருகிறேன். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பிறவியிலேயே வரும் பரம்பரைச் செவித்திறன் குறைபாட்டில் பெரும்பகுதி, இரண்டு பிரதியும் பழுதானால் மட்டுமே வெளியே தெரியும் வகை. ஒன்று பழுது, ஒன்று நல்லது என்றால் அவருக்குக் காது துல்லியமாகக் கேட்கும். அந்தப் பழுது அவரிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. இப்படி ஐந்தாறு தலைமுறை சத்தமில்லாமல் அது நடந்து வந்திருக்கலாம்.

இப்போது உங்கள் விஷயம். உங்கள் தாத்தா பாட்டியில் ஒருவரிடம் அந்தப் பழுது இருந்தது என்று வையுங்கள். அவர்களுடைய மகன் உங்கள் கணவர், அவர்களுடைய மகள் உங்கள் அம்மா. உங்கள் கணவருக்கு நேராகவும், அம்மா வழியாக உங்களுக்கும் அதே பழுது வந்து சேரலாம். கிளம்பிய இடம் ஒன்று, வந்த வழி இரண்டு, இரண்டும் உங்கள் மகனிடம் கூடிவிட்டன. சொந்தத்தில் கட்டுவது பழுதைப் புதிதாக உண்டாக்குவதில்லை. தனித்தனியாகக் கிடந்த இரண்டு பிரதிகளும் ஒரே பிள்ளையிடம் சேர வழி செய்கிறது, அவ்வளவுதான்.

வாத்தியார் ஐயா சொல்வதையும் தள்ளிவிட முடியாது. சொந்தமே இல்லாத தம்பதிக்கும் பிறவிக் கோளாறோடு குழந்தை பிறக்க 100-க்கு 2 அல்லது 3 வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் அதன் மேல் இன்னொரு 2 அல்லது 3 கூடும். அப்படியானால் 100-க்கு 94, 95 பேர் நன்றாகவே பிறக்கிறார்கள். ஐயா வீட்டில் பதினோரு பேரும் நன்றாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. தாய்மாமன் உறவு அதைவிட ஒரு படி நெருக்கம், அதனால் அங்கே கூடுதல் ஆபத்தும் அதிகம்.

ஆனால் இதெல்லாம் யார் என்று தெரியாத தம்பதிக்கான கணக்கு. உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது. இனி பொதுக் கணக்கைப் பேசிப் பயனில்லை, உங்கள் கணக்கைப் பேச வேண்டும். கிரகணத்தைப் பாட்டி மறந்துவிடலாம்.

---

மண்வாசனை | மார்ச் 5, காலை 10:05

அதனால்தான் நம் முன்னோர் பங்காளிக்குள் கட்டக்கூடாது என்றார்கள். பெரியப்பா மகள் தங்கை முறை, மாமன் மகள் கட்டும் முறை. மரபணு அறிவியலை அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தார்கள்.

---

வேர்க்கணக்கு | மார்ச் 5, காலை 10:31

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரியப்பா மகளும் மாமன் மகளும் உங்களோடு பங்கிடும் மரபணு அளவு ஒன்றேதான், எட்டில் ஒரு பங்கு. முறை என்பது நாம் போட்ட கோடு, மரபணுவுக்கு அது தெரியாது. கட்டும் முறையில் வரும் தாய்மாமன் நாலில் ஒரு பங்கு பகிர்கிறார், கட்டக்கூடாத பெரியப்பா மகளைவிட இரு மடங்கு.

---

பம்ப்செட்_பாஸ்கர் | மார்ச் 5, மதியம் 1:12

எனக்கும் இதே பிரச்சினைதான். எனக்கு ஒன்பது வயதில் காய்ச்சலுக்கு ஜென்டாமைசின் ஊசி போட்டார்கள். ஒரு வாரத்தில் இரண்டு காதும் அடைத்துப் போச்சு, இப்போது மெஷின் போட்டுத்தான் கேட்கிறேன். என் தங்கைக்கு டிபி வந்தபோது போட்ட ஸ்ட்ரெப்டோமைசினில் அவளுக்கும் போச்சு. நானும் அத்தை மகளைத்தான் கட்டியிருக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளுக்கும் வந்துவிடுமா? இப்படித் தெரிந்திருந்தால் வெளியே கட்டியிருப்பேன்.

---

வேர்க்கணக்கு | மார்ச் 5, மதியம் 2:40

பாஸ்கர், உங்கள் கதை தேனிக்காரி கதை இல்லை. சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் தொடர்பே இருக்காது என்று நினைக்கிறேன்.

அந்த வகை ஊசி மருந்துகள் அளவு கூடினால் யாருக்கும் காதைப் பாதிக்கலாம். ஆனால் அண்ணனுக்கும் தங்கைக்கும் அப்படிப் போனது என்றால் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் 1555-ஆம் இடத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மாற்றம் இருப்பவர்களுக்குச் சாதாரண அளவு மருந்தே காதைப் போக்கிவிடலாம். மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டும் வருவது. அதனால் உங்கள் பிள்ளைகளுக்கு உங்களிடமிருந்து வராது. ஆனால் தங்கைக்குப் பிள்ளைகள் இருந்தால் அத்தனை பேருக்கும் போயிருக்கும். உங்கள் அம்மாவுடன் பிறந்த சித்தி, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள், எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். சோதனை செய்து உறுதியானால், ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசி வேண்டாம் என்று அவர்கள் எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். காது போகாமல் முன்கூட்டியே தடுக்க முடிகிற பரம்பரைக் கோளாறு அபூர்வம். இது அப்படி ஒன்று.

---

பம்ப்செட்_பாஸ்கர் | மார்ச் 5, மதியம் 2:58

தங்கைக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இப்போதே போன் போடுகிறேன்.

---

தேனிக்காரி | மார்ச் 5, இரவு 9:30

வேர்க்கணக்கு அக்கா (அண்ணனா அக்காவா தெரியவில்லை, மன்னிக்கவும்), மரபணு ஆலோசனை என்றால் அங்கே போனால் என்னதான் செய்வார்கள்? "சொந்தத்தில் ஏன் கட்டினீங்க" என்று திட்டுவார்களா? ஏற்கெனவே ஒரு இடத்தில் நர்ஸ் எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து மருத்துவமனைப் பக்கமே வரமாட்டேன் என்கிறார்.

---

வேர்க்கணக்கு | மார்ச் 5, இரவு 10:15

அக்காதான். திட்டினால் எழுந்து வந்துவிடுங்கள், அது ஆலோசனை இல்லை.

முதல் அரை மணி நேரம் குடும்பப் படம் போடுவோம். மூன்று தலைமுறை, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு. "காது கேட்காதவர் உண்டா" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன். பேச்சு வராதவர் யாராவது? பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டோடு வைத்திருந்த பிள்ளை? சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்? மாலையானால் கண் தெரியாது என்று தடுமாறியவர்? முன்முடி மட்டும் வெள்ளையாக இருந்தவர்?

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு. மாலைக்கண்ணும் காதும் சேர்ந்து வந்தால் அது அஷர் என்ற கோளாறு. பிள்ளைக்குக் காதுக்கு அப்புறம் பார்வையும் மெல்லக் குறையும். ஓடி விளையாடும்போது மயங்கி விழுகிற, பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்கு இதயத் துடிப்புக் கோளாறு இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. அதனால் இம்ப்ளான்ட்டுக்கு முன் உங்கள் மகனுக்கு ஒரு ஈசிஜியும் கண் பரிசோதனையும் செய்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு கர்ப்பத்தில் ரூபெல்லா வந்ததா, பிறந்ததும் ஐசியூவில் இருந்தானா, மூளைக்காய்ச்சல் வந்ததா என்று கேட்போம். அதெல்லாம் இல்லை என்றால் 2, 3 மில்லி ரத்தம். ஊதா மூடி போட்ட குழாய். முதலில் ஒரே ஒரு மரபணுவைப் பார்ப்பது வழக்கம், கனெக்ஸின் 26. நம் பக்கத்தில் அதிகம் அகப்படுவது அதுதான், மரபணுவும் மிகச் சின்னது என்பதால் செலவும் குறைவு. அதில் கிடைக்காவிட்டால்தான் பெரிய சோதனைக்குப் போக வேண்டும்.

---

சைகைமொழியன் | மார்ச் 6, காலை 8:05

ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். நான் பிறவியிலேயே காது கேளாதவன். என் மனைவியும் அப்படியே. இருவரும் சைகை மொழியில் பேசுகிறோம், இருவருக்கும் வேலை இருக்கிறது. மேலே வாசித்தால் "பழுது", "கோளாறு", "ஆபத்து" என்று வரிக்கு வரி இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் பிறப்பதைத் தடுப்பதுதான் உங்கள் ஆலோசனையா?

இன்னொரு விஷயம். எங்களுக்குப் பிறந்த மகளுக்குக் காது கேட்கிறது. எங்கள் நண்பர் தம்பதி, அவர்களும் இருவரும் காது கேளாதவர்கள், இரண்டு பிள்ளைகளுக்கும் கேட்காது. ஏன் இப்படி என்று எங்கள் சங்கத்தில் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

---

வேர்க்கணக்கு | மார்ச் 6, மதியம் 12:20

உங்கள் கோபம் நியாயம். எழுத்து மாற்றம் என்று எழுதியிருக்கலாம், வேலைப் பழக்கத்தில் வந்துவிட்டது. ஆலோசனையின் வேலை எண்ணையும் வழிகளையும் சொல்வது. எந்த வழி என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படித்தான் எல்லா இடத்திலும் நடக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.

உங்கள் கேள்விக்கு விடை எளிது. காது கேட்க நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். உங்கள் நண்பரும் அவர் மனைவியும் ஒரே மரபணுவில் மாற்றம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். இருவரிடமும் நல்ல பிரதியே இல்லை, எனவே பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படியே வரும். உங்களுக்கு ஒரு மரபணு, உங்கள் மனைவிக்கு வேறொன்றாக இருக்கலாம். மகள் உங்கள் மரபணுவின் நல்ல பிரதியை அம்மாவிடமிருந்தும், அம்மாவின் மரபணுவின் நல்ல பிரதியை உங்களிடமிருந்தும் வாங்கிக்கொண்டாள். இரண்டு காது கேளாதவர்கள் கட்டினால் பிள்ளைக்கும் கேட்காது என்று ஊரில் சொல்வது எப்போதும் சரியில்லை.

---

தேனிக்காரி | ஏப்ரல் 19, இரவு 8:45

எல்லோருக்கும் வணக்கம். போய் வந்தேன். திட்டவில்லை. மகனுக்கும் எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஈசிஜி, கண் இரண்டும் சரியாக இருக்கிறது. அறுவைச் சிகிச்சை முடிந்தது, அடுத்த வாரம் மெஷினை ஆன் செய்வார்கள். ரிப்போர்ட்டில் மகனுக்கு இப்படி வந்திருக்கிறது:

```
GJB2  c.71G>A  p.(Trp24Ter)
Homozygous   Pathogenic
```

எனக்கும் அவருக்கும் அதே வரி, ஆனால் Heterozygous என்று இருக்கிறது. அவர்கள் விளக்கினார்கள், தலையை ஆட்டினேன், பஸ் ஏறியதும் பாதி மறந்துவிட்டது. அக்கா, இன்னொரு தரம் சொல்வீர்களா?

---

வேர்க்கணக்கு | ஏப்ரல் 19, இரவு 10:10

பஸ்ஸில் மறக்காதவர் யாரும் இல்லை. அதனால்தான் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

முதல் வரியில் GJB2 என்று இருப்பது கனெக்ஸின் 26 மரபணுவின் பெயர். அது உண்டாக்கும் புரதம் 226 மணி கோத்த மாலை மாதிரி. உங்கள் மகனுக்கு 24-ஆவது மணியிலேயே "நிறுத்து" என்று எழுதியிருக்கிறது, மாலை உருவாகவே இல்லை. உள்காதில் பொட்டாசியம் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போகும் வாசல் இந்தப் புரதம்தான். வாசல் இல்லாததால் நத்தை எலும்புக்குள் இருக்கும் செல்களுக்கு வேலை செய்ய முடியவில்லை. ஆனால் அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பு நன்றாக இருக்கிறது. இம்ப்ளான்ட் அந்தச் செல்களைத் தாண்டி நரம்பையே நேராகத் தொடுவது. அதனால் இந்தக் காரணம் உள்ள பிள்ளைகளுக்கு இம்ப்ளான்ட் பொதுவாக நல்ல பலன் தருகிறது. ரிப்போர்ட்டில் உங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி இது.

மகனுக்கு இரண்டு பிரதியிலும் அதே மாற்றம். உங்களுக்கும் கணவருக்கும் ஒரு பிரதியில் மட்டும். ஆகவே அடுத்த குழந்தைக்கு நாலில் ஒன்று, ஒவ்வொரு முறையும். நாலில் மூன்று பங்கு காது கேட்கும்.

இந்த மாற்றம் இந்தியாவில் அதிகம் காணப்படுவது. ஐரோப்பாவில் வேறு மாற்றம், சீனா ஜப்பான் பக்கம் இன்னொன்று. ஆனால் ஸ்பெயினிலும் ஸ்லோவாக்கியாவிலும் உள்ள ரோமா மக்களிடம் உங்கள் மகனிடம் இருக்கும் இதே எழுத்து மாற்றம் இருக்கிறது. பல நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து கிளம்பிப் போனவர்கள் அவர்கள், கூடவே கொண்டுபோயிருக்கிறார்கள்.

---

தேனிக்காரி | ஏப்ரல் 19, இரவு 10:34

தம்பி கல்யாணம்? பத்திரிகை அடிக்கப் போகிறோம் என்கிறார்கள்.

---

வேர்க்கணக்கு | ஏப்ரல் 20, காலை 7:15

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கூடவே போடுங்கள்.

உங்களிடம் ஒரு பிரதி இருக்கிறது. அது அம்மாவிடமிருந்து வந்ததோ அப்பாவிடமிருந்து வந்ததோ, உங்கள் தம்பிக்கும் வந்திருக்க பாதி வாய்ப்பு. உங்கள் கணவரிடம் ஒன்று இருக்கிறது, அது தாத்தா பாட்டியில் ஒருவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் பெரிய மாமாவுக்கும் வந்திருக்க பாதி, அவர் மகளுக்குப் பாதியில் பாதி, அதாவது கால்.

தம்பிக்கு அரை, பெண்ணுக்குக் கால். இருவரிடமும் இருக்க எட்டில் ஒன்று. இருவரிடமும் இருந்தால் பிள்ளைக்கு வர நாலில் ஒன்று. பெருக்கினால் 32-இல் ஒன்று, சுமார் 3 சதவீதம். தம்பி வெளியே கட்டினால்? நம் ஊரில் ஐம்பதில் ஒருவரிடம் இது இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், 400-இல் ஒன்று. சொந்தம் என்பதால் வரும் வித்தியாசம் அவ்வளவு.

ஆனால் இந்த 32-இல் ஒன்றை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் மாற்றம் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரியும். தம்பியிடம் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். இல்லை என்று வந்தால் இந்தக் காரணத்தால் அவன் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம், அவன் யாரைக் கட்டினாலும். பெண்ணிடம் கேட்கவே வேண்டாம்.

இதனால்தான் தம்பியை முதலில் பார்க்கச் சொல்கிறேன். பெண்ணை முதலில் பார்த்து, அவளிடம் இருக்கிறது என்று வந்தால், அந்தச் செய்தி ஊர் முழுக்கப் போகும், தம்பியிடம் இருந்தால் அதை யாரும் பேச மாட்டார்கள். இது என் கணக்கில் இல்லை, ஆனால் நம் ஊர் கணக்கில் இருக்கிறது.

---

ஓய்வு_வாத்தியார் | ஏப்ரல் 20, காலை 8:40

சரி, தம்பிக்கு இல்லை என்று வந்தால் சொந்தத்தில் கட்டலாம் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் எதற்கு இத்தனை நாள் பயமுறுத்தினீர்கள்?

---

வேர்க்கணக்கு | ஏப்ரல் 20, காலை 9:02

இந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் சொன்னேன், ஐயா. அந்தப் பையனும் பெண்ணும் தாத்தா பாட்டியிடமிருந்து வேறு எதையெல்லாம் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள் என்று இந்தச் சோதனைக்குத் தெரியாது. சொந்தத்தில் கட்டும் எல்லோருக்கும் உள்ள அந்த இரண்டு மூன்று சதவீதம் அவர்களுக்கும் இருக்கும்.

---

இரண்டாம்_கருத்து | ஏப்ரல் 20, காலை 11:25

தேனிக்காரிக்குப் பதில் கிடைத்துவிட்டது. எங்களுக்கு அப்படி நடக்கவில்லை. நானும் அத்தை மகனும். மகளுக்குக் கேட்காது. கனெக்ஸின் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. எக்ஸோம் என்று இன்னொரு பெரிய சோதனை, பல மடங்கு பணம். ரிப்போர்ட்டில் "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்று ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அதை வைத்து நான் என்ன செய்ய? சோதனை செய்யாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

---

வேர்க்கணக்கு | ஏப்ரல் 20, மதியம் 1:50

அந்த வரியை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள், முக்கியமாகக் கர்ப்பத்தில் இருக்கும் பிள்ளையைப் பற்றி எடுக்காதீர்கள். அந்த மாற்றம் நோய்க்குக் காரணமா, வெறும் குடும்ப அடையாளமா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். நீங்களும் கணவரும் ரத்தம் கொடுத்து, அந்த மாற்றம் இருவரிடமும் ஒவ்வொன்றாக இருக்கிறதா என்று பார்த்தார்களா? இல்லையென்றால் அதைக் கேளுங்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து அதே தரவை மீண்டும் படிக்கச் சொல்லலாம், புதிதாக ரத்தம் தேவையில்லை. அதுவரை உங்கள் அடுத்த குழந்தைக்கு நாலில் ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் நான் பேசுவேன். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு வேறு காரணம் தெரியாதபோது அதுதான் பத்திரமான கணக்கு. உங்களுக்குத் திருப்தியான பதில் இல்லை என்று தெரியும்.

---

நர்ஸ்_மேரி | ஏப்ரல் 20, மாலை 6:30

தங்கச்சி இரண்டாவது கர்ப்பம் ஆனால் வயிற்றிலேயே பார்க்க முடியும்தானே? பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே.

---

வேர்க்கணக்கு | ஏப்ரல் 20, இரவு 7:10

முடியும். குடும்பத்தில் மாற்றம் எது என்று தெரிந்திருப்பதால்தான் முடியும். 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் சிறிது எடுப்பார்கள், அல்லது 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர். இரண்டிலும் கரு கலையும் சிறு ஆபத்து உண்டு. பதிவு பெற்ற மையத்தில்தான் செய்ய வேண்டும், ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லக் கூடாது, சட்டம் அது. "முடிவு செய்வது" என்று நீங்கள் சொன்னதை நான் சொல்ல மாட்டேன். சிலர் பிறந்த முதல் மாதத்திலேயே மெஷினுக்கும் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்வதற்காகத் தெரிந்துகொள்கிறார்கள். அதற்கு வயிற்றில் ஊசி தேவையில்லை, பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்த்துவிடலாம்.

---

சைகைமொழியன் | ஏப்ரல் 20, இரவு 8:00

காது கேட்காது என்பதற்காக ஒரு கருவைக் கலைப்பது எனக்குச் சரியில்லை. மூன்று வயதில் சைகை மொழி கிடைத்திருந்தால் நான் இன்னும் வேகமாக வளர்ந்திருப்பேன். தேனிக்காரி, இம்ப்ளான்ட் வைத்தாலும் கூடவே சைகையும் சொல்லிக்கொடுங்கள். மெஷின் பேட்டரி தீரும்போதும் குளிக்கும்போதும் பிள்ளை பேச வேண்டும் அல்லவா.

---

நர்ஸ்_மேரி | ஏப்ரல் 20, இரவு 8:22

சைகை பழகினால் பேச்சு வராது என்று எங்கள் மருத்துவமனையில் சொல்வார்கள்.

---

சைகைமொழியன் | ஏப்ரல் 20, இரவு 8:25

என் மகள் இரண்டையும் பேசுகிறாள். அவளுக்குக் காது கேட்கும், அதனால் கணக்கில் சேர்க்க மாட்டீர்கள் என்று தெரியும்.

---

தேனிக்காரி | மே 28, மாலை 5:20

தம்பி ரிப்போர்ட் வந்துவிட்டது. அவனிடமும் இருக்கிறது.

வீட்டில் பெரிய கூத்து. அம்மா அழுதார். பாட்டி அமைதியாக உட்கார்ந்திருந்தவர், திடீரென்று சொன்னார், அவருடைய அக்காவுக்கு மூத்ததாக ஒரு பையன் இருந்தானாம். பேச்சு வராது, ஆடு மேய்ப்பானாம், பதினாறு வயதில் கிணற்றில் விழுந்து செத்துப்போனானாம். "அவன் ஊமை, அவனுக்குக் காதில் என்ன?" என்று கேட்கிறார். இத்தனை நாள் "நம் வீட்டில் யாருக்கும் இல்லை" என்று சொன்னவரும் அவர்தான்.

---

வேர்க்கணக்கு | மே 28, இரவு 9:05

ஊமை என்று சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் காதுதான் கேட்காது, கேட்காததால் பேச்சு வரவில்லை. அந்தப் பையனுக்கும் இதே மாற்றம்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பாட்டி பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு குறிப்பு கிடைக்கிறது. பாட்டியின் அக்கா, தங்கை பிள்ளைகள் யாராவது தங்களுக்குள் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.

தம்பி கணக்கு இப்போது மாறிவிட்டது. அவனிடம் இருப்பது உறுதி, பெண்ணுக்குக் கால், பிள்ளைக்கு 16-இல் ஒன்று. பெண்ணையும் பார்த்து இல்லை என்றால் முடிந்தது, கல்யாணத்துக்கு இந்த வழியில் தடை இல்லை. இருக்கிறது என்றால் உங்களைப் போலவே நாலில் ஒன்று. அப்போது கல்யாணமே வேண்டாம் என்று சொல்வதா, தெரிந்தே கட்டிக்கொள்வதா என்பது அவர்கள் இருவரும் பேச வேண்டியது. அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா?

---

தேனிக்காரி | மே 29, காலை 6:10

யாரும் கேட்கவில்லை. அவளே நேற்று ராத்திரி எனக்கு போன் செய்தாள். தம்பி சொல்லிவிட்டானாம். "அக்கா, ஊதா மூடி குழாய்தானே, திங்கட்கிழமை நானே போய்க் கொடுக்கிறேன், அப்பாவிடம் சொல்லாதீங்க" என்றாள். ரிப்போர்ட்டுக்கு மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். பத்திரிகை அச்சுக்குப் போகாமல் நிறுத்தி வைக்க அதுவரை என்ன காரணம் சொல்வது என்று யோசிக்கிறேன்.